பழைய மதர்போர்டில் புதிய கிராபிக்ஸ் கார்டு பொருந்துமா?

"என் மதர்போர்டில் இருப்பது பிசிஐஇ 3.0 ஸ்லாட். ஆர்டிஎக்ஸ் 4060 பிசிஐஇ 4.0 கார்டாம். வேலை செய்யுமா? கார்டு கனத்தால் ஒருபக்கம் தொங்கிப்போகும் என்கிறார்களே?"

வேலை செய்யும். பிசிஐஇயில் கார்டும் ஸ்லாட்டும் இரண்டுக்கும் பொதுவான வேகத்துக்கு இறங்கிவந்து பேசிக்கொள்ளும். ஆனால் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, தரவு ஓடும் தடங்களான லேன்களையும் எண்ண வேண்டும். 4060 நீளமான 16 லேன் ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் 8 லேன்களைத்தான் பயன்படுத்துகிறது. 4.0-இல் அது நொடிக்குச் சுமார் 16 ஜிபி. உங்கள் போர்டில் 8 ஜிபி. கார்டின் நினைவகம் நிரம்பாதவரை பெரும்பாலான கேம்களில் வித்தியாசம் சிறிதுதான். நிரம்பி வழிந்தால் தரவு இந்தப் பாதையில்தான் ஓடியாக வேண்டும், அப்போது படம் திக்கும்.

மாட்டியதும், கார்டின் விவரங்களைக் காட்டும் `GPU-Z` மென்பொருளில் `Bus Interface` வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மின்சாரம் சேமிக்க `1.1` என்று காட்டலாம், பயப்படாதீர்கள். பக்கத்திலுள்ள `?`-ஐ அழுத்தி சோதனையை ஓட்டினால் `@ x8 3.0` வர வேண்டும். `x4` அல்லது `x1` வந்தால், முதலில் கார்டு சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

தொங்கலும் அதே கோளாறைத் தரலாம். கணினியை அணைத்து, மின்வயரைப் பிடுங்கி, பின்பக்கத் திருகுகளைத் தளர்த்துங்கள். கார்டைக் கையால் மட்டமாக்கிப் பிடித்தபடி திருகுகளை மறுபடி இறுக்குங்கள். இரண்டு விசிறி கொண்ட 4060-க்கு இதுவே பெரும்பாலும் போதும். நீளமான மூன்று விசிறிக் கார்டென்றால் மறுமுனைக்குக் கீழே, விசிறியில் படாமல், ஒரு தாங்கி வையுங்கள். மட்டத்துக்கு மேல் தூக்கினால் ஸ்லாட்டுக்கு எதிர்ப்பக்க அழுத்தம் விழும்.