மேகசினைக் கழற்றிய பிறகும் ஏன் பூட்டு?

"தோட்டாக்களை வைக்கும் மேகசினைக் கழற்றினாலே துப்பாக்கி காலிதானே? அப்புறம் எதற்குப் பூட்டு?"

காலி என்றால் மேகசினிலும் தோட்டா இல்லை, குழலின் பின்முனையில் உள்ள அறையிலும் இல்லை என்று பொருள். மேலூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர், உரிமம் பெற்ற தன் பழைய 315 ரைஃபிளைச் சுவர் பக்கம் திருப்பி, அந்த அறையை மூடும் போல்ட்டை முழுக்கப் பின்னுக்கு இழுத்து, அறைக்குள் விரலை விட்டுத் தடவினார்.

"மேகசின் போனாலும் இங்க ஒண்ணு தங்கியிருக்கும்டா. ரெகுலேட்டரை மூடினாலும் டியூப்ல மிச்ச கேஸ் எரியுதுல்ல, அப்படி."

"இப்ப காலிதானே தாத்தா, பூட்டு எதுக்கு?"

"தோட்டா போட ஒரு நிமிஷம் போதும்யா. அதான் தோட்டா வேற பெட்டியில, சாவியும் வேற."

சேஃப்டியைப் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்; அது விசையைத் தடுக்கும் ஒரு சின்னப் பாகம்தான், தேய்ந்தால் நழுவும், அறையில் இருக்கும் தோட்டாவை வெளியே எடுக்காது.