மணிக்கு 50 டாலர் என்றால் மாதம் எவ்வளவு?

டல்லாஸ் வாசகர்: அண்ணா, ஒப்பந்த ஐடி வேலை, மணிக்கு 50 டாலர். வருஷத்துக்கு 1,04,000 வரும் என்கிறார் ஏஜெண்ட். நம்பலாமா?

பெருக்கல் சரிதான் தம்பி. வாரம் 40 மணி, 52 வாரம், மொத்தம் 2,080 மணி. ஆனால் வருஷம் முழுக்க ஒரு நாளும் லீவு போடாதவனின் கணக்கு அது. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய ஊதியச் சட்டம் தனியார் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு.

போகிற நாட்களை எண்ணுங்கள். ஆபீஸ் மூடும் பண்டிகை நாள் 10, ஊருக்குப் போய்வர 15, காய்ச்சலுக்கு 3 என்று வைப்போம். 28 நாள், அதாவது 224 மணி. மிஞ்சுவது 1,856 மணி, 92,800 டாலர். மாதத்துக்குச் சுமார் 7,733.

கையெழுத்துப் போடுமுன் கிளையண்டின் விடுமுறைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். என் முதல் ஒப்பந்தத்தில் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஆபீஸை மூடினார்கள். எனக்கு அது டிசம்பரில்தான் தெரிந்தது!

இன்னொருவர்: ஏன் இவ்வளவு சுற்று? 50 × 40 × 4 = மாதம் 8,000. முடிந்தது.

12 மாதத்துக்கு 96,000 வரும். அது 48 வாரத்துக்கான பணம்தான். தெரியாமலே நாலு வாரம் லீவைக் கழித்துவிட்டீர்கள். வருஷத்தில் 20 நாள் சம்பளமில்லாமல் போகிறவருக்கு இது அச்சாகப் பொருந்தும். அதன்மேல் மறுபடி லீவைக் கழித்தால் இரட்டைக் கழிவு. லீவே இல்லாத சராசரி மாதத்துக்கு 2,080-ஐ 12-ஆல் வகுத்து 173.33 மணி, சுமார் 8,667 டாலர்.

சிங்கப்பூர் வாசகி: என் தம்பிக்கும் இங்கே மணிக்கணக்கில்தான் சம்பளம். தீபாவளிக்கும் பணம் பிடிப்பார்களா?

அம்மா, நான் சொன்னது அமெரிக்கக் கதை. சிங்கப்பூரில் வேலை நியமனச் சட்டத்துக்குள் வருகிறவர்களுக்குப் பொது விடுமுறைச் சம்பளம் உண்டு. அந்த நாட்களை அவர் கணக்கில் கழிக்க வேண்டாம்.

டல்லாஸ் வாசகர்: அப்படியென்றால், லீவுக்கும் சம்பளத்தோடு 88,000-க்கு நிரந்தர வேலை கிடைத்தால் எது மேல்?

88,000-ஐ 1,856-ஆல் வகுத்தால் மணிக்கு 47.41 டாலர். ஆகவே 50 கொஞ்சம் மேலேதான். ஆனால் மருத்துவக் காப்பீட்டில் கம்பெனி எவ்வளவு போடுகிறது என்று கேட்டீர்களா? அது தெரியாமல் என்னால் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்று. 7,733 என்பது சராசரிதான், மாதாமாதம் அதுவே வராது. 23 வேலை நாள் உள்ள மாதத்தில் 15 நாள் ஊருக்குப் போனால் எட்டு நாள் சம்பளம்தான், 3,200. வாடகை மட்டும் குறையாது.

இன்னொருவர்: நான் மணிச் சம்பளத்தை இரட்டித்து ஆயிரத்தால் பெருக்கிச் சொல்வேன், 50 என்றால் ஒரு லட்சம். இரண்டு வாரம் லீவு அதிலேயே அடக்கம்.

போனில் பேசும்போது அது போதும். நான் ஊருக்குப் போகிற ஆள், எனக்குப் போதாது.