தோட்டத்து ஊஞ்சல், சறுக்குமர செட்: மண்ணில் பிடிப்பும் மூட்டுச் சோதனையும் (கேள்வி பதில்)

வீட்டுத் தோட்டத்தில், மண் தரையில் நிறுத்தும் இரும்பு பைப் செட்டுகளைப் பற்றி மட்டும் கேளுங்கள். பார்க்குகளில் வைக்கும் பெரிய செட்டுகளுக்கு விதிகளே வேறு.

கோவில்பட்டி: மழைக்காலத்தில் கல் மாதிரி நின்ற செட், சித்திரை வெயிலில் ஆடுகிறது. பின்பக்கக் கால் ஒரு விரல் அளவு தூக்குகிறது. திருகு ஆங்கர்தான் போட்டிருக்கிறேன். மூட்டு லூசாகிவிட்டதா?

மூட்டா மண்ணா என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். இருவர் போதும். ஒருவர் மேல் குழாயை ஊஞ்சல் ஆடும் திசையில் முன்னும் பின்னும் தள்ளட்டும். நீங்கள் குனிந்து, தூக்கும் காலின் அடியில், மண்ணை ஒட்டி விரலை வையுங்கள். காலோடு மண்ணும் பிளந்து எழுந்தால் குற்றம் மண்ணுடையது. கால் அசையாமல் நிற்க, மேலே போல்ட் பக்கம் 'டக் டக்' என்று கேட்டால் மூட்டு. இரண்டும் சேர்ந்தும் இருக்கும். அப்போது மூட்டை முதலில் சரி செய்துவிட்டு மறுபடி தள்ளிப் பாருங்கள்.

உங்கள் ஊர்க் கரிசலுக்கு மண்தான் என்று தோன்றுகிறது. ஈரத்தில் உப்பி ஆங்கரைக் கவ்விப் பிடிக்கும் அதே மண், காய்ந்தால் சுருங்கி வெடித்து விட்டுவிடும். கடைகளில் செட்டோடு தரும் ஒன்றேகால், ஒன்றரை அடி ஆங்கர் முழுவதும் அந்த வெடிக்கும் பகுதிக்குள்ளேயே நிற்கிறது. எத்தனை முறை திருகி இறுக்கினாலும் அடுத்த கோடையில் இதே கதைதான்.

உங்களுக்கு நான் சொல்வது காங்கிரீட். காலுக்கு ஒரு குழி: ஒரு அடிக்கு ஒரு அடி, ஆழம் இரண்டு அடி. அடிப்பக்கம் இரண்டு விரல் கடை அகலமாகத் தோண்டுங்கள், மேல்நோக்கி இழுத்தால் வராது. மேல் அரை அடியை மண்ணுக்கு விட்டு, கீழே ஒன்றரை அடிக்குக் காங்கிரீட் போட்டால் ஒரு காலுக்கு ஏறக்குறைய நூறு கிலோ எடை கிடைக்கும். மேலே அரை அடி மண் மூடினால் பிள்ளைகள் விழும்போது சிமெண்ட் முனையில் தலை படாது. ஒரு வாரம் தண்ணீர் காட்டி ஆறவிட்ட பிறகே ஊஞ்சலை மாட்டுங்கள். கரிசலில் சில இடங்களில் மூன்று அடிக்குக் கீழேயும் மண் அசையும். அங்கே இதுவும் சிறிது ஆடலாம், ஆனால் தூக்காது.

மதுரை: செம்மண் நிலம். காங்கிரீட் வேண்டுமா, ஆங்கர் போதுமா?

கெட்டியான செம்மண்ணுக்கு ஆங்கர் போதும். முந்தின நாள் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் கடப்பாரையை ஆங்கரின் வளையத்தில் கொடுத்துத் திருகுங்கள். குழி தோண்டி வைத்து மண் தள்ளாதீர்கள். கிளறிய மண் பிடிக்காது. வேலை முடிந்ததும் இரண்டு பெரியவர்கள் காலைப் பிடித்துத் தம் கட்டித் தூக்குங்கள். வராவிட்டால் சரி.

சேலம்: படம் பார்த்து ஒவ்வொரு நட்டையும் இறுக்கிக்கொண்டே வந்தேன். கடைசி இரண்டு ஓட்டை நேராக வரவில்லை. கம்பெனி ஓட்டை தப்பா?

ஓட்டை தப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. ஒவ்வொன்றையும் இறுக்கியதால் சின்னச் சின்னக் கோணல்கள் எல்லாம் சேர்ந்து கடைசி மூட்டுக்குத் தள்ளப்பட்டன. எல்லா நட்டையும் கையால் திருகும் அளவுக்குத் தளர்த்துங்கள். செட்டை அதன் இடத்தில் நிறுத்தி, நான்கு கால்களின் குறுக்கு அளவுகள் இரண்டும் ஒன்றாக வரும்வரை தள்ளிச் சரி செய்யுங்கள். மேல் குழாயில் லெவல் வைத்துப் பாருங்கள். தரை சரிவாக இருந்தால் உயர்ந்த பக்கக் காலுக்குக் கீழே மண்ணை வெட்டி எடுங்கள். தாழ்ந்த காலுக்குச் செங்கல் வைக்காதீர்கள், அது நகரும். அப்புறம் மேலிருந்து கீழாக இறுக்கி, ஆங்கர் கடைசியாக. ஓட்டையைப் பெரிதாக்க ட்ரில் எடுக்காதீர்கள். அதில்தான் மூட்டு சாகும்.

நாகர்கோவில்: ஹாலில் தேக்குப் பலகை ஊஞ்சல் மாட்ட எந்தக் கொக்கி நல்லது?

இது தோட்டத்துச் செட் பற்றியது. வீட்டுக்கு கூரையைப் போட்ட இஞ்சினியரைக் கேளுங்கள்.

கோவை, கட்டடப் பணியில் இருப்பவன்: ஆங்கர் எல்லாம் ஏமாற்று வேலை. எந்த மண்ணாக இருந்தாலும் பைப்பையே நேராகக் காங்கிரீட்டில் நட்டால் முடிந்தது. நீங்கள் ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்?

உங்கள் பேச்சில் பாதி சரி. பிடிப்பு என்று பார்த்தால் பைப்பை நடுவது பலமானது. ஆனால் பைப் எங்கே துருப்பிடிக்கும்? காங்கிரீட்டுக்குள் இல்லை, அது வெளியே வரும் வாயில். அங்கே ஈரம் தேங்கும், பெயின்ட் உரியும், மண் மூடியிருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. ஒன்றரை மில்லி தடிமன் பைப் அந்த இடத்தில் காகிதமாகிவிட்டால், நூறு கிலோ காங்கிரீட் கீழே பத்திரமாக இருக்கும், பிள்ளை மேலே விழும். காங்கிரீட்டில் ஆங்கில் துண்டை நட்டு, மண்ணுக்கு மேலே காலை அதோடு போல்ட் போட்டால் கழற்றிப் பார்க்கலாம், பெயின்ட் அடிக்கலாம், செட் பழசானால் மாற்றலாம்.

கோவை (மறுபடி): ஜிஐ பைப் துருப்பிடிக்காது. வாயில் சிமெண்ட் சரிவு கொடுத்தால் தண்ணீர் நிற்காது. நான் போட்டவை இன்றும் நிற்கின்றன.

சரிவு கொடுப்பது நல்ல வேலை, ஏற்கிறேன். ஜிஐயும் நாள்பட்டால் போகும், வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்துபோயிருந்தால் சீக்கிரமே போகும். நீங்கள் போட்டவற்றில் ஒன்றின் அடியில் அரை அடி மண்ணை விலக்கி ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். சத்தம் கணீரென்று வந்தால் உங்கள் பக்கம்.

ஈரோடு: நீங்கள் இருவரும் சண்டை போடுகிறீர்கள். ஆங்கருக்குப் பதில் மணல் மூட்டை கட்டினால் போதாதா?

போதாது. 30 கிலோ பிள்ளை சங்கிலி செங்குத்திலிருந்து 60 பாகை சாயும்வரை உயரே போய்த் திரும்பினால், கீழே வரும் கணத்தில் சங்கிலியில் இரண்டு மடங்கு இழுப்பு இருக்கும். பக்கவாட்டு இழுப்போ, காலைத் தூக்கும் திசையில் வரும். இரண்டு பிள்ளைகள் ஒரே தாளத்தில் ஆடினால் மணல் மூட்டை சும்மா வேடிக்கை பார்க்கும்.

தஞ்சாவூர்: மூட்டுகளை எப்போது, எப்படிப் பார்ப்பது?

முதல் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, பிறகு மாதாமாதம். இறுக்கியபின் நட்டிலிருந்து பைப்புக்குக் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது; ஸ்பேனர் எடுக்காமலே தெரிந்துவிடும். கோடு நேராக இருந்தும் போல்ட் தலைக்குக் கீழே கருப்பாய்த் தூளோ, பைப்பில் துருவின் கோடோ இறங்கியிருந்தால் உள்ளே உரசல் நடக்கிறது. கழற்றிப் பாருங்கள், ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தால் அந்தப் பாகத்தையே மாற்றுங்கள். உள்ளே காலியான பைப்பை நசுங்கும் அளவுக்கு முறுக்காதீர்கள். உள்ளே நைலான் வளையம் இருக்கும் நைலாக் நட்டைக் கழற்றினால் புதிது போடுங்கள்.

ஊஞ்சல் சங்கிலியை மாட்டும் எஸ் கொக்கியைத் தனியாகச் சொல்கிறேன்: வாய் மூடியிருக்கிறதா என்று ஏடிஎம் கார்டின் ஓரத்தை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் இடுக்கியால் மூடுங்கள். துணி, பின்னல் முடி, கழுத்துச் சங்கிலி எல்லாம் சிக்குவது அங்கேதான்.

திருச்சி: காங்கிரீட் போடலாமா?

மேலே இரண்டு முறை எழுதியாகிவிட்டது.

புதுச்சேரி: கடற்கரை மணலில் வீடு. சறுக்குமரத்துக்கும் ஆங்கர் வேண்டுமா? மேற்குப் பக்கம் பார்த்து வைக்கலாமா?

மணலில் திருகு ஆங்கர் நிற்காது, காங்கிரீட் போடுங்கள். சறுக்கு முனைக்கும் ஒன்று போடுங்கள், பிள்ளை இறங்கும்போது அது பின்னால் நழுவும். மேற்கே பார்த்த தகரச் சறுக்கு மாலையில் தோலைச் சுட்டுவிடும். வடக்கே திருப்புங்கள் அல்லது நிழலில் வையுங்கள். செட்டைச் சுற்றி ஆறடி காலியாக விடுங்கள், ஊஞ்சலின் முன்னும் பின்னும் மேல் குழாயின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. உப்புக் காற்றுக்கு மாதம் ஒரு தடவை போதாது. எஸ் கொக்கியை இரண்டு வாரத்துக்கொரு முறை பாருங்கள்.

கோவை (மறுபடி): தட்டிப் பார்த்தேன். ஒன்று கணீர், ஒன்று சொத்.

சொத் என்றதில் இன்றே ஊஞ்சலைக் கழற்றி வையுங்கள். மற்றதை நாளைக்குப் பேசுவோம்.