கோத்தகிரியில் சுவர் கட்டினால் காசு எங்கே நிற்கும்? – கேள்வி பதில்

கல்லூரி மாணவர், ஊட்டி: வருமானத்தில் 80 சதவீதம் செலவழித்தால், போட்ட ஒரு ரூபாய் கைமாறி மொத்தம் எத்தனை ரூபாய் வருமானமாகும் என்று சொல்லும் பெருக்கி 5. அப்படியானால் கோத்தகிரி சாலைக்கு அரசு 1 லட்சம் போட்டால் ஊருக்கு 5 லட்சம்தானே சார்?

கணக்கு சரி, ஊர்தான் இடிக்கிறது. அந்த 5 வர, காசு எல்லையைத் தாண்டாமல் சுற்ற வேண்டும், வரியும் பிடிக்கக் கூடாது. சாலையோரத் தடுப்புச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். சிமென்ட், கம்பி, டீசல், காண்ட்ராக்டர் லாபம் என்று 60,000 மலையிறங்கி, கூலியாக 40,000 மேலே நிற்கிறது என்று வைப்போம். கொத்தனார் மளிகைக்கடையில் நீட்டும் நோட்டிலும் பெரும்பகுதி அரிசி, எண்ணெய் கொள்முதலுக்கு மேட்டுப்பாளையம் போய்விடும். ரூபாய்க்கு 25 காசுதான் மறுபடி உள்ளூர் வருமானமாகிறது என்றால் 40,000, 10,000, 2,500 என்று தேய்ந்து மொத்தம் 53,000 சொச்சத்தில் நின்றுவிடும். ஊருக்குப் பெருக்கி ஏறக்குறைய அரைதான். ஆனால் இறங்கிய பணம் தொலைந்துவிடவில்லை, கோயம்புத்தூரில் யாருக்கோ அது வருமானம். அதனால் மாநிலக் கணக்கில் அதே சுவரின் பெருக்கி பெரிதாகத் தெரியும்.

காட்டேஜ் நடத்துபவர், கோத்தகிரி: அரசு கடன் வாங்கிக் குவித்ததால்தான் 2022-ல் என் லோன் வட்டி ஏறியது, இல்லையா?

உங்கள் லோன் ரெப்போவோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியோடு, இணைந்ததென்றால் காரணம் வேறு. விலைவாசியை அடக்க ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போவை 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. நீங்கள் சொல்வது, இருக்கிற சேமிப்புக்கு அரசும் தனியாரும் போட்டி போட்டு வட்டி ஏறுவது. 2020-21-ல் மத்திய அரசின் பற்றாக்குறை ஜிடிபியில் 9 சதவீதத்தைத் தாண்டியும் வட்டி இறங்கித்தான் கிடந்தது. தனியாரில் கடன் கேட்க ஆளில்லை, ரிசர்வ் வங்கியும் அரசுப் பத்திரங்களை வாங்கியது. தொழில்கள் முழு வேகத்தில் ஓடும் வருடமாக இருந்தால் அதே கடன் கடித்திருக்கும். ரெப்போ அசையாமல் 10 வருட அரசுப் பத்திரத்தின் வட்டி மட்டும் ஏறினால் அரசுக் கடனைச் சந்தேகப்படலாம். ஆனால் பணவீக்க பயத்தாலும் அமெரிக்க வட்டியாலும்கூட அது ஏறும். பிரித்துச் சொல்வது எங்களுக்கே கஷ்டம்.

வீடு கட்டுபவர், குன்னூர்: பத்திரமெல்லாம் இருக்கட்டும். ரோடு வேலை தொடங்கியதும் என் வீட்டுக்குக் கொத்தனாரே வருவதில்லை. என்ன வழி?

ஆள் பிடிக்க எனக்கும் வழி தெரியாதுங்க. ஆனால் வட்டி ஏறாமலே தனியார் செலவு நெருக்கப்படுவதற்கு உங்கள் வீடே சாட்சி. அதே கொத்தனார்தான் சுவருக்குப் போனார், உங்கள் பணம் வங்கியில் தூங்குகிறது. இந்த அளவுக்குச் சுவரால் புதிய வருமானம் வரவில்லை, இடம் மாறியது அவ்வளவே. அவர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த மழைக்காலத்தில் தொடங்கியிருந்தால் கணக்கு வேறு. ஆனால் நீலகிரியில் மழையில் யார் அஸ்திவாரம் தோண்டுவது?

சிறு தேயிலை விவசாயி: சுவருக்குப் பதில் அந்தப் பணத்தை எங்கள் கையில் கொடுத்தால்?

பாதியை நீங்கள் பழைய கடனுக்குக் கட்டினால் முதல் சுற்றில் பாதிதான் கடைத்தெருவுக்கு வரும். மீதி வங்கிக்குத் திரும்பும். அதை வங்கி வேறு யாருக்காவது கடனாகக் கொடுக்கிறதா என்பதைப் பொறுத்தது அடுத்த சுற்று.