மகா திரிகோணமா, யோடா? கொங்கு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கோபியிலிருந்து ஒரு அப்பா: ஏனுங் சார், நான் பொறந்தது 24-5-1985. மகள் 18-7-2013. மேல்நாட்டு முறையில ஜாதகம் போட்டா எனக்கு யோட், பாப்பாவுக்கு மகா திரிகோணம்னு வருது. எனக்குக் கஷ்டம், அவளுக்கு யோகம்னு எடுத்துக்கலாங்களா?

அவ்வளவு சுலபமா எடுத்துக்க வேண்டாமுங்க. மூணு கிரகம் ஒண்ணுக்கொண்ணு 120 பாகையில நின்னா மகா திரிகோணம். ரெண்டு கிரகம் 60 பாகையில அடிப்பாகமா நிக்க, மூணாவது ரெண்டுக்கும் 150 பாகையில முனையா நின்னா யோட். முதல்ல பாப்பா. அன்னைக்கு சாயனம்னு சொல்ற மேல்நாட்டு முறையில குரு கடகம் 5 பாகை, சனி விருச்சிகம் 5, நெப்டியூன் மீனம் 5. ஒண்ணுக்கொண்ணு 120 பாகை, கிட்டத்தட்ட பிசகே இல்லை. ஆனா மூணுமே மெதுவா நகர்ற கிரகம். அந்த ஜூலை நடுவுல எந்த ஊர்ல பொறந்த குழந்தைக்கும் இதே முக்கோணம் இருக்கும். அதனால அது மட்டும் அவளோட அடையாளம் ஆயிடாது. குருவுக்குப் பக்கத்துல, கடகம் 3 பாகையில செவ்வாய் நிக்குது பாருங்க, அதுதான் அதை அவளுக்குச் சொந்தமாக்குது. லக்னமோ சந்திரனோ அந்த 5 பாகைக்குப் பக்கத்துல வந்தா இன்னும் பலம்.

மூணும் நீர் ராசி. பார்த்ததை மனசுல வாங்கிக்கிறது, அடுத்தவங்க முகம் வாடினா கண்டுபிடிக்கிறது, பாட்டு, படம் எல்லாம் சொல்லிக்கொடுக்காமலே வரும். சிக்கலும் அதே இடத்துலதான். கஷ்டப்படாம வந்ததால, கஷ்டம் வர்ற இடத்துல கீழ வெச்சுட்டுப் போயிருவாங்க. அவ எதையெல்லாம் நல்லா ஆரம்பிச்சுப் பாதியில விட்டான்னு ஒரு தாள்ல எழுதிப் பாருங்க. விட்டதெல்லாம் முதல் தடங்கல்லயே விட்டதுன்னா திரிகோணத்தோட குறை வேலை செய்யுதுன்னு அர்த்தம். நல்ல காலத்துக்கு மகரம் 9 சொச்சத்துல புளூட்டோ எதிர்ல நிக்குது. குருவுக்கு நேர் எதிர்ங்கிறதுக்கு 5 பாகை தள்ளி (சரியா நேர் எதிர்ல வந்தது ஆகஸ்ட் 7-ல), அதனால பட்டம்னு சொல்ற அமைப்பு தளர்வாத்தான் இருக்கு. ஆனாலும் முக்கோணத்தை உள்ளயே சுத்த விடாம வெளிய இழுக்கிறது அதுதான். தோண்டிப் பார்க்க வேண்டிய வேலை ஒண்ணு கொடுங்க, நின்னு செய்வா.

இனி உங்களுது. சூரியன் மிதுனம் 3, நெப்டியூன் மகரம் 3, புளூட்டோ விருச்சிகம் 2 முதல் 3-க்குள்ள. நெப்டியூனும் புளூட்டோவும் 60 பாகை, சூரியன் ரெண்டுக்கும் 150. சுத்தமான யோட். ஆனா அந்த 60 பாகை உறவு 1950 வாக்குல இருந்து பல பத்தாண்டு விட்டுவிட்டு வந்துட்டே இருக்கு. அந்தத் தலைமுறை முழுக்க அடிப்பாகம் தயாரா இருக்க, முனையில வேகமான கிரகம் வந்து நிக்கும்போதுதான் ஆளுக்குரிய யோட் ஆகுது. உங்களுக்கு அங்க சூரியன். புளூட்டோ "விடாதே, முழுசா உன் கையில வை"ங்குது, நெப்டியூன் "விட்டுரு, கரைஞ்சு போ"ங்குது. சூரியன் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போக முடியாம அடிக்கடி பாதையை மாத்திக்கும். பலன்னு பார்த்தா, நாலு வேலை மாத்தினவருக்குத் தெரியற நுட்பம் ஒரே வேலையில இருந்தவருக்குத் தெரியாது. பலவீனம்னா, ஒவ்வொரு மாத்தத்தையும் விதின்னு நினைச்சுக்கிறது. இதுக்குக் "கடவுளின் விரல்"னு பேர் வெச்சவங்க அந்தப் பயத்தை வளர்த்துவிட்டாங்கன்னே நான் நினைக்கிறேன்.

அதே அப்பா: 2015-ல தறியை வித்துட்டு நார் வேலைக்கு மாறினேன் சார். அதுவும் யோட் பண்ணதுதானுங்களா?

யோட் முனைக்கு நேர் எதிர்ப்புள்ளி தனுசு 3. சனி 2015-ல முன்னும் பின்னுமா அங்க நடந்தது, அதனால பொருத்தமாத் தெரியுது. ஆனா அந்த வருஷம் தறியை வித்தவங்க எல்லாரும் மே கடைசியில பொறந்தவங்க இல்லைங்களே. நூல் விலை, கரண்டு, கடன் எல்லாத்தையும் தள்ளி வெச்சுட்டு சனியை மட்டும் சொன்னா நியாயமில்லை. 2026, 2027-ல யுரேனஸ் உங்க சூரியன் மேலயே நடக்கும். அப்ப திடீர்னு மாறணும்னு மனசு துடிச்சா, பழைய வேலையோட கணக்கை முடிச்சுட்டு மாறுங்க.

பெருந்துறை, பஞ்சாங்கம் பார்க்கிறவர்: நம்ம சாஸ்திரத்துல 1, 5, 9 திரிகோணம் இருக்கு, 6-8 சஷ்டாஷ்டகம் இருக்கு. அதையேதான் இவங்க பேர் மாத்திச் சொல்றாங்க. புதுசா ஒண்ணும் இல்லைங்க.

பாதி ஒத்துக்கறேனுங்க. 150 பாகைங்கிறது சஷ்டாஷ்டகத்தோட நெருங்கின உறவுதான். ஆனா 1, 5, 9 பொதுவா லக்னத்துல இருந்து எண்றது. மகா திரிகோணத்துல கிரகங்களுக்குள்ள இடைவெளியை அளக்கணும். ஒண்ணு கடகம் 29, இன்னொண்ணு விருச்சிகம் 1-ன்னு வெச்சுக்குங்க. ராசிப்படி திரிகோணம், அளந்தா 92 பாகை, கிட்டத்தட்ட கேந்திரம். ராசிக் கட்டம் மட்டும் பார்த்தா இது தெரியாமப் போயிரும்.

இன்னொரு இடைஞ்சல் இருக்கு. மேல்நாட்டு சாயனத்துக்கும் நம்ம நிராயணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அயனாம்சம். அந்த 24 பாகையைக் கழிச்சா, 2013 முக்கோணம் நம்ம பஞ்சாங்கத்துல மிதுனம், துலாம், கும்பம் ஆயிருது. கோணம் மாறலை, நீர் மட்டும் காற்றாயிருச்சு. எதை எடுக்கறது? இந்த அமைப்புகளோட பலன் சாயனத்துல வளர்ந்ததால நான் சாயனத்தையே எடுக்கறேன். நிராயணத்துல படிக்கிறவங்களும் இருக்காங்க, அவங்களோட வாதாடி ஜெயிக்க என்கிட்ட ஆதாரம் இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா: பொண்ணுக்கும் பையனுக்கும் சஷ்டாஷ்டகம்னு ஜோசியர் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாருங்க. அந்த யோட் தோஷத்துக்குப் பரிகாரம் இருக்குங்களா?

அது யோட் இல்லீங்கம்மா. அவர் பார்த்தது ரெண்டு பேரோட ராசி. யோடுக்கு ஒரே ஜாதகத்துல மூணு கிரகம் வேணும். ராசியைப் பொறுத்தவரை, மேஷம் விருச்சிகம் மாதிரி ரெண்டுக்கும் அதிபதி ஒருவரேன்னா பலர் தோஷமில்லைன்னு விட்டுருவாங்க. உங்க ராசிகளைச் சொல்லி அவர்கிட்டயே இன்னொருக்கா கேளுங்க.

கரூர்: இதெல்லாம் நிரூபிச்சிருக்காங்களா?

இல்லைங்க. 1985-ல ஷான் கார்ல்சன் நேச்சர் இதழ்ல வெளியிட்ட சோதனையில, ஜோதிடர்களால ஜாதகத்தையும் ஆளையும் குத்துமதிப்பை விட நல்லாப் பொருத்த முடியலை. அதுல குறை சொல்றவங்களும் உண்டு. யோடுக்கும் திரிகோணத்துக்கும் தனியா நல்ல சோதனை நான் பார்த்ததில்லை. இங்க சொல்றது மரபுல படிக்கிற முறை.

திருப்பூர்: அண்ணா, என் ஆப்ல 5 யோட் காட்டுது. நான் என்ன அபூர்வப் பிறவியாண்ணா?

செட்டிங்ஸ்ல பிசகு அளவு எத்தனைன்னு பாரு தம்பி. 150 பாகைக்கு 6, 8-ன்னு விட்டிருந்தா யாருக்கும் யோட் வரும். 2-க்குக் குறை, ரொம்பப் போனா 3. குறுங்கோள், லிலித், ராகு கேது எல்லாம் அணைச்சுட்டு மறுபடி போடு. மிச்சம் இருக்கிறதுல சந்திரன் முனையா இருந்தா, பொறந்த நேரம் ஆஸ்பத்திரி சீட்டுல இருந்து வந்ததா, பாட்டி சொன்ன "விடியக்காலம்"ல இருந்து வந்ததான்னு விசாரி. சந்திரன் மணிக்கு அரை பாகை நகரும். நாலு மணி நேரம் தப்புனா ரெண்டு பாகை போச்சு, யோடும் போச்சு.