தப்பா பேசிடுவோமோன்னு பயம், இங்கிலீஷ் பேச வாயே வரல, என்ன பண்ண?

கிராமர் தெரிஞ்சும் பேச வரலன்னா, பேசும்போதே ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள்ள திருத்திட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். எழுதும்போது அதுக்கு டைம் இருக்கு, பேசும்போது இல்ல, அதான் பாதியிலயே நின்னுடுது.

இதுக்கு 4/3/2 முறைன்னு ஒண்ணு இருக்கு, பால் நேஷன்ங்கற மொழி ஆசிரியர் இத பத்தி நிறைய எழுதியிருக்கார். ஒரே விஷயத்த முதல்ல 4 நிமிஷம், அடுத்து 3, அப்புறம் 2 நிமிஷத்துல சொல்லணும், ஒவ்வொரு தடவையும் வேற ஆள்கிட்ட. பயம் ஜாஸ்தின்னா முதல் வாரம் ஆளே வேணாம், போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, அப்புறம் நம்பிக்கையான ஒருத்தர், கடைசியா தெரியாதவங்க.

உதாரணத்துக்கு நேத்து என்ன பண்ணேன்னு சொல்றீங்கன்னு வைங்க. முதல் ரவுண்டுல "ஐ கோ... நோ, ஐ வென்ட்"னு திரும்பத் திரும்ப பின்னாடி போவீங்க, மூணாவதுல டைம் கம்மி, சொல்ல வேண்டியதும் ஏற்கனவே தெரியும், அதனால திருத்த நேரமே இருக்காது, வார்த்தை தானா வரும். ரெக்கார்டிங்க கேட்டு எத்தன தடவ பாதியில திரும்பினீங்கன்னு எண்ணுங்க, அது குறைஞ்சா முன்னேறுறீங்க, தப்போட எண்ணிக்கைய இப்போதைக்கு விட்டுடுங்க.

ஒரே ஒரு ஜாக்கிரதை, மூணு ரவுண்டுலயும் அதே தப்பு வந்தா அது பழக்கமாயிடும். அதனால முடிச்சப்புறம் அதுல ஒண்ண மட்டும் எடுத்து சரியா அஞ்சு வாக்கியம் சொல்லிப் பாருங்க. நடுவுல மட்டும் யாரையும் திருத்த விடாதீங்க, கூட இருக்கறவங்ககிட்ட இத முன்கூட்டியே சொல்லிடுங்க.