தேடல் பங்கு உயர்ந்தால் விளம்பரம் வென்றதாகுமா?

கேள்வி: எங்களுடையது சிறிய நிறுவனம், பிராண்டு ஆய்வு நடத்தப் பணம் இல்லை. எனவே கூகுள் ட்ரெண்ட்ஸில் எங்கள் பெயரையும் மூன்று போட்டியாளர்களின் பெயர்களையும் ஒன்றாகப் போட்டுத் தேடல் பங்கைக் கணக்கிட்டேன். முந்தைய காலாண்டில் 18 சதவீதமாக இருந்த எங்கள் பங்கு, விளம்பரம் ஓடிய இந்தக் காலாண்டில் 24 சதவீதமாகியிருக்கிறது. விளம்பரம் பலன் தருகிறது என்று இயக்குநர் குழுவிடம் சொல்லலாமா? வாராந்தர எண்களை இணைத்துள்ளேன்.

பதில்: இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். நீங்கள் அனுப்பிய அட்டவணையிலேயே அதற்கான காரணம் இருக்கிறது.

முதலில், கூகுள் ட்ரெண்ட்ஸ் தருவது தேடல்களின் எண்ணிக்கை அல்ல. நீங்கள் கேட்ட காலத்திலும் இடத்திலும், கேட்ட பெயர்களுக்குள் எந்தப் பெயர் எந்த வாரத்தில் மிக உயரத்தைத் தொட்டதோ அந்தப் புள்ளியை 100 என்று வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஒப்பாக 0 முதல் 100 வரையிலான குறியீட்டு எண்களாக அது தருகிறது. ஒரே கோரிக்கையில் வந்த எண்கள் எல்லாம் ஒரே அளவுகோலில் இருப்பதால், உங்கள் எண்ணை நான்கு பெயர்களின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பங்கு காண்பது முறையானதே. ஆனால் வகுத்து வந்த விடையை மட்டும் பார்த்தால், அது மேலிருக்கும் எண்ணால் மாறியதா, கீழிருக்கும் எண்ணால் மாறியதா என்பது தெரியாமல் போகும்.

உங்கள் அட்டவணையில் நடந்திருப்பது அதுதான். முந்தைய காலாண்டில் உங்கள் சராசரி 18. முதல் போட்டியாளருக்கு 42, இரண்டாமவருக்கு 25, மூன்றாமவருக்கு 15. கூட்டுத்தொகை 100, எனவே உங்கள் பங்கு 18 சதவீதம். இந்தக் காலாண்டில் உங்கள் சராசரி அதே 18; மற்ற மூவருக்கும் முறையே 24, 22, 11. கூட்டுத்தொகை 75 ஆகக் குறைந்ததால் உங்கள் பங்கு 24 சதவீதமாகியிருக்கிறது. அதாவது, விளம்பரம் ஓடிய மூன்று மாதங்களில் உங்கள் பெயரைத் தேடியவர்களின் அளவு கூடவே இல்லை. மற்றவர்களைத் தேடியது குறைந்திருக்கிறது.

அந்தக் குறைவின் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து வருகிறது. முந்தைய காலாண்டில், முதல் போட்டியாளரின் வரிசையில் தொடர்ந்து நான்கு வாரங்கள் 100, 92, 80, 58 என்று நிற்கின்றன. மீதி ஒன்பது வாரங்களும் 24ஐ ஒட்டியே இருக்கின்றன. இப்படிச் செங்குத்தாக ஏறிப் படிப்படியாக இறங்கும் வடிவம் பெரும்பாலும் ஒரு செய்தியின் வடிவம். ட்ரெண்ட்ஸில் அந்த நான்கு வாரங்களை மட்டும் தேர்ந்து, அந்தப் பெயருக்குக் கீழே வரும் தொடர்புடைய தேடல்களில் வேகமாக உயர்பவற்றைப் பாருங்கள். திரும்பப் பெறுதல், புகார், பணம் திரும்பக் கிடைத்தல் போன்ற சொற்கள் அங்கே இருந்தால், அந்த உயர்வு வாங்கும் ஆர்வம் அல்ல. 2016இல் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்த செய்திகள் வந்து, அது திரும்பப் பெறப்பட்டபோது, அதன் பெயரைத் தேடியவர்கள் எல்லாரும் அதை வாங்கும் எண்ணத்தில் தேடவில்லை. தேடல் பங்கு கவனத்தைத்தான் அளக்கிறது. அந்தக் கவனம் விருப்பமா வெறுப்பா என்பதை அது பிரித்துச் சொல்வதில்லை.

அந்த நான்கு வாரங்களை நான்கு பெயர்களிலிருந்தும் நீக்கிவிட்டுக் கணக்கிட்டுப் பார்த்தேன். மற்றவர்களின் சராசரி கிட்டத்தட்ட மாறவில்லை. முதல் போட்டியாளருடையது மட்டும் 42இலிருந்து 24க்கு இறங்குகிறது. கூட்டுத்தொகை 82, உங்கள் பங்கு 22 சதவீதம். ஆகவே நீங்கள் ஆறு புள்ளி என்று நினைத்த உயர்வு, உண்மையில் 22இலிருந்து 24க்குப் போன இரண்டு புள்ளி உயர்வு மட்டுமே. இப்படி வாரங்களை நீக்குவதற்கும் ஒரு நெறி உண்டு. எந்த வாரத்தை ஏன் நீக்கினீர்கள் என்பதை எழுதி வையுங்கள். உங்களுக்குச் சாதகமான உச்சம் வரும்போதும் அதே விதியைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் விரும்பிய விடை வரும்வரை நீக்கிக்கொண்டே போகலாம்.

இனி, அந்த இரண்டு புள்ளியாவது மெய்யா என்று பார்க்க வேண்டும். ட்ரெண்ட்ஸ் எல்லாத் தேடல்களையும் எண்ணுவதில்லை. ஒரு மாதிரியை எடுத்தே கணக்கிடுகிறது. அதனால் அதே பெயர்களையும் அதே காலத்தையும் வேறொரு நாளில் கேட்டால் எண்கள் சற்று மாறி வரும். தேடல் குறைவாக உள்ள பெயர்களுக்கு இந்த ஆட்டம் அதிகம். இதோடு முழு எண்ணாக்கும் சிக்கலும் சேர்கிறது. போட்டியாளரின் நெருக்கடி வாரம் 100 என்ற இடத்தைப் பிடித்துக்கொண்டதால், மற்ற எல்லா எண்களும் அடியில் நசுங்கிக் கிடக்கின்றன. அங்கே 17 என்பதற்கும் 18 என்பதற்கும் இடையிலான ஒரு படியே ஆறு சதவீத வேறுபாடு. உச்சத்தைத் தவிர்த்து, இந்தக் காலாண்டை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அப்போது எண்கள் நாள்வாரியாக வரும்; மிக உயர்ந்த புள்ளி போட்டியாளரின் சாதாரண நாட்களில் ஒன்றாக இருக்கும்; உங்கள் 18, பல மடங்கு பெரிய எண்ணாக விரியும்; சிறு அசைவுகளும் கண்ணுக்குத் தெரியும்.

பிறகு அதே கோரிக்கையை வெவ்வேறு நாட்களில் ஐந்தாறு முறை தரவிறக்கி, ஒவ்வொன்றுக்கும் பங்கைக் கணக்கிடுங்கள். ஒரே காலாண்டுக்கு ஒரு நாள் 23, இன்னொரு நாள் 25 என்று வந்தால், இரண்டு புள்ளி வேறுபாடு அந்தக் கருவியின் இயல்பான ஆட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது என்று பொருள். அப்படியானால் அதைப் பற்றிக் குழுவிடம் பேச ஒன்றும் இல்லை. சமீபத்திய வாரத்தைக் காட்டும் புள்ளியிட்ட கோடு முடிவடையாத தரவு என்பதால், அதை எந்தச் சராசரியிலும் சேர்க்க வேண்டாம்.

பெயரை எப்படி உள்ளிட்டீர்கள் என்பதும் முக்கியம். ட்ரெண்ட்ஸில் ஒரு பெயரை வெறும் தேடல் சொல்லாகவும் கொடுக்கலாம், பட்டியலில் தோன்றும் நிறுவனம் அல்லது தலைப்பாகவும் கொடுக்கலாம். தலைப்பு என்பது எழுத்துப்பிழைகளையும் பிற மொழிகளில் எழுதப்பட்ட பெயரையும் சேர்த்துக்கொள்ளும். தேடல் சொல் அப்படிச் செய்யாது. பெரிய போட்டியாளருக்குத் தலைப்பும், தலைப்பாக இன்னும் பதிவாகாத உங்கள் பெயருக்குத் தேடல் சொல்லும் என்று கலந்து போட்டால் தொடக்கத்திலேயே ஒப்பீடு கெட்டுவிடும். நால்வரையும் தேடல் சொல்லாகவே கொடுங்கள். உங்கள் அட்டவணையின் தலைப்பு வரியைப் பார்த்தால் நீங்கள் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது, அது சரியே. ஆனால் உங்கள் மூன்றாவது போட்டியாளரின் பெயர் அன்றாட வழக்கிலுள்ள ஒரு சாதாரணச் சொல்லும்கூட. அந்தச் சொல்லைத் தேடும் எல்லாரும் அந்த நிறுவனத்தைத் தேடுவதில்லை. அதோடு பொருளின் வகைப்பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். அல்லது அந்தப் பெயரையே விட்டுவிடுங்கள். சேர்த்தால், ஒப்பீடு நேர்மையாக இருக்க, நால்வருக்கும் வகைப்பெயரைச் சேர்க்க வேண்டும்.

ஏற்கெனவே வாடிக்கையாளராக இருப்பவர்கள் கணக்கில் நுழைவதற்காகத் தேடுவது இன்னொரு கலப்படம். கணக்குத் திறந்து பயன்படுத்தும் சேவைகளில் பிராண்டுத் தேடலின் பெரும்பகுதி இதுவாகவே இருக்கக்கூடும். புதியவர்களின் ஆர்வத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கழித்தல் குறியைப் பயன்படுத்தி இதை ஓரளவு வடிகட்டலாம்:

```
brandname - login - careers
```

இதில் brandname இருக்கும் இடத்தில் ஒவ்வொரு பெயரையும் இட்டு, நால்வருக்கும் ஒரே வடிகட்டியைப் போடுங்கள். வடிகட்டிய பங்கும் வடிகட்டாத பங்கும் எதிரெதிர்த் திசையில் போனால், வடிகட்டியதையே நம்புங்கள்.

உங்கள் பெயருக்கு மட்டுமாவது உண்மையான எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. இணையதள உரிமையாளர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கை 16 மாதத் தரவை வைத்திருக்கிறது. அங்கே உங்கள் பிராண்டுப் பெயர் இடம்பெறும் தேடல்களை மட்டும் வடிகட்டி, அவற்றுக்கு உங்கள் தளம் எத்தனை முறை காட்டப்பட்டது என்று பாருங்கள். சொந்தப் பெயருக்கு நீங்கள் முதலிடத்தில் வருவீர்களானால் அந்த எண், தேடல் எண்ணிக்கைக்கு மிக நெருக்கமாக இருக்கும். முந்தைய ஆண்டின் இதே காலாண்டோடு அது ஒப்பிடத்தக்கது என்பதால் பருவகால ஏற்ற இறக்கமும் விலகிவிடும். உங்கள் துறையில் இந்தப் பருவத்தில் தேடல்கள் பொதுவாகவே குறையும் என்றால், மற்றவர்கள் குறைந்தபோது நீங்கள் 18இலேயே நின்றது உண்மையில் ஒரு நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம். அதைச் சர்ச் கன்சோலின் ஆண்டு ஒப்பீடுதான் உறுதிப்படுத்தும். ட்ரெண்ட்ஸின் இரண்டு காலாண்டுகள் உறுதிப்படுத்தா.

மூன்று மாதம் என்ற கால அளவும் குறைவு. 2020இல் விளம்பரப் பயன் ஆய்வாளர் லெஸ் பினே இந்த அளவீட்டைப் பரவலாக அறிமுகப்படுத்தியபோது கார், எரிசக்தி, கைபேசி ஆகிய மூன்று துறைகளை எடுத்துக்காட்டினார். அவற்றில் தேடல் பங்கு சந்தைப் பங்கோடு சேர்ந்து நகர்ந்ததையும், காரைப் போல யோசித்து வாங்கும் பொருளில் அது விற்பனைக்குப் பல மாதங்கள் முன்பே நகர்ந்ததையும் காட்டினார். இதிலிருந்து இரண்டு செய்திகள் உங்களுக்கு வேண்டியவை. யோசித்து வாங்கும் பொருளாக இருந்தால், இந்தக் காலாண்டின் விற்பனையோடு ஒப்பிட்டுத் தேடல் பங்கைப் பொய் என்றோ மெய் என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள்; பன்னிரண்டு மாத நகரும் சராசரியாக வரைந்து, அதைப் பிந்தைய மாதங்களின் விற்பனையோடு பொருத்திப் பாருங்கள். பெயரைத் தேடாமலேயே அலமாரியிலிருந்து எடுத்துப்போகும் பொருளாக இருந்தால், அல்லது உங்கள் வாடிக்கையாளர்கள் தேடுபொறியை விட்டு விற்பனைச் செயலிகளுக்குள்ளேயே தேடுகிறார்கள் என்றால், இந்த அளவீட்டின் மீது அதிகப் பாரம் ஏற்ற வேண்டாம்.

விளம்பரம்தான் காரணமா என்ற கேள்விக்கு, பழைய தரவை எத்தனை முறை கிளறினாலும் திடமான விடை வராது. அடுத்த சுற்றில் விளம்பரத்தைச் சில பகுதிகளில் மட்டும் ஓட்டி, அளவிலும் பழைய போக்கிலும் அவற்றுக்கு நெருக்கமான வேறு சில பகுதிகளில் நிறுத்தி வையுங்கள். ட்ரெண்ட்ஸில் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே கேட்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 100 என்பது வேறு அளவாக இருக்கும். ஆனால் பங்கு என்பது ஒரே கோரிக்கைக்குள் எடுத்த விகிதம் என்பதால், பகுதிக்குப் பகுதி அதை ஒப்பிடலாம். தேடல் குறைந்த பகுதிகளில் வாரங்கள் பூஜ்யமாக வரும், அவற்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விளம்பரத்துக்கு முந்தைய எட்டு வாரங்களையும் ஓடிய எட்டு வாரங்களையும் எடுத்து, விளம்பரம் ஓடிய பகுதிகளில் ஏற்பட்ட பங்கு மாற்றத்திலிருந்து ஓடாத பகுதிகளின் மாற்றத்தைக் கழியுங்கள். போட்டியாளரின் நெருக்கடி போன்ற பொதுவான நிகழ்வுகள் இரு பக்கமும் ஒன்றுபோல் படிவதால், அவை கழிந்துபோகும். மிஞ்சும் வேறுபாடு, பலமுறை தரவிறக்கியபோது நீங்கள் கண்ட ஆட்டத்தைவிடத் தெளிவாகப் பெரியதாக இருந்து, விளம்பரம் நின்று நான்கு வாரங்கள் கழித்தும் முழுவதும் கரையாமல் இருந்தால், அந்த எண்ணைக் குழுவின் முன் வைக்கலாம்.